தலைக்கு ஊற்றிய தண்ணீர்

ஆமத்தூருக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் குழாயில் தண்ணீர் வருவது பத்து நாளைக்கு ஒரு தரம். வருகிற அன்றைக்குப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்களில் வீட்டுக்கு ஒருத்தி லீவு போட்டுவிடுவாள். டிரம், அண்டா, சிமெண்டுத் தொட்டி எல்லாம் நிரம்பும். நிரம்பி முடிந்து, அப்பாடா என்று இடுப்பில் கையை வைக்கிற நேரம் பார்த்துத் தெருமுனையில் பொன்னுத்தங்கம் வந்து நிற்பாள். தோளில் ஒரு பை, கையில் டார்ச் லைட். பட்டப்பகலில் டார்ச் லைட்டோடு திரிகிற ஒரே பெண்பிள்ளை அந்த வட்டாரத்தில் அவள்தான்.

அவள் அந்த ஊரின் கிராம சுகாதாரச் செவிலியர். ஊருக்கு அவள் நர்ஸம்மா. டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். உள்ளே புழு நெளிந்தால் முகம் மாறிவிடும். "மூடி எங்க? மூடி இல்லாட்டி பழைய வேட்டியப் போட்டு இறுக்கிக் கட்டுங்க. வாரம் ஒரு தரம் காலியாக்கி ஓரத்தத் தேங்காநாரு போட்டுத் தேயுங்க. கொட்டுனா மட்டும் போதாது, முட்டை சுவத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்று ஒரே மூச்சில் சொல்வாள். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியங்களுக்கு ஒரு ராகமே வந்துவிட்டிருந்தது. ஊர்ப் பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் அதே ராகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கும் அது தெரியும்.

தண்ணீருக்குத் தவம் கிடக்கிற ஊரில், தண்ணீரைக் கொட்டச் சொல்லுகிறவளை யார் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள்? ஊசி போடவும் பிரசவத்துக்கு வண்டி வைக்கவும் அவள் வேண்டும். காதுகுத்துக்கும் சடங்குக்கும் அவளைக் கூப்பிட யாருக்கும் ஞாபகம் வராது. கெட்ட மனிதர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவள் ஒரு ஆள், அவளுக்கும் சாயங்காலம் என்று ஒன்று உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

துணை சுகாதார நிலையத்தின் பின்பக்கத்து ஒற்றை அறைதான் அவளுடைய வீடு. சொந்த ஊர் காரியாபட்டிப் பக்கம். கட்டியவன் திருப்பூருக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் இல்லை. அண்ணன் ஒருவர் வயலும் மாடுமாக இருக்கிறார், பொங்கலுக்குப் போனால் சாப்பாடு போடுவார். அறையில் அவளோடு உயிரோடு இருந்தது ஒரே ஒரு கொடி. காலியான குளுக்கோஸ் பாட்டிலில் தண்ணீர் விட்டு ஜன்னலில் வைத்த மணிபிளாண்ட். வேலைக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்து, "வரட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாள்.

இரண்டாயிரத்து ஆறில் மூட்டுகளையெல்லாம் முடக்கிப்போட்ட சிக்குன்குனியாக் காய்ச்சல் ஊரையே படுக்கவைத்திருந்தது. இரண்டாயிரத்து ஏழில் அதே கொசு டெங்குவோடு வந்தது. தீபாவளிக்கு முந்தின மாதம், கம்பெனியில் சீசன் சூடு பிடித்த நேரம். காய்ச்சல்காரர்களின் வீடுகளைச் சுற்றிப் பார்த்தவளுக்கு ஒன்று பிடிபட்டது. வீட்டில் இருக்கும் கிழடுகளை விட, கம்பெனிக்குப் போகிற பெண்கள்தான் அதிகம் விழுகிறார்கள். இந்தக் கொசு பகலில் கடிக்கிற கொசு. பகலில் அவர்கள் இருக்கிற இடம் கம்பெனி.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து அங்கே போனாள். பட்டாசு அறை ஒவ்வொன்றின் வாசலிலும், தீப்பிடித்தால் அணைக்க ஒரு டிரம் தண்ணீரும் நாலு சிவப்பு வாளியும் வைத்திருந்தார்கள். வைத்தே ஆகவேண்டும், சட்டம். அவள் டார்ச் அடித்த முதல் டிரம்மிலேயே புழுக்கள் துள்ளின.

போர்மேன் சங்கிலிமுத்துவுக்குப் பகீரென்றது. "நர்ஸம்மா, இதக் கொட்டச் சொல்லாதீக. அதிகாரி வந்து பாத்தா கம்பெனிய இழுத்துப் பூட்டிட்டுப் போயிருவாரு."

"கொட்டுனதும் உடனே நெரப்பிருங்க. வாரத்துக்கு ஒரு நாள், வரிசையா ஒவ்வொண்ணாத் தேச்சுக் களுவுங்க. மத்த நாளு துணி கட்டி வைங்க, தீன்னா ஒரு இழுப்புல வந்துரும். புழுவக் கொல்ற மருந்து நான் ஊத்தித் தாரேன்."

பிறகு பட்டாசுச் சரம் பின்னுகிற பெண்களைக் கூப்பிட்டு மரத்தடியில் நின்று பேசினாள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மாத்திரை மட்டும் போடச் சொன்னாள். உடம்பு வலிக்கு ஊசியும், பெட்டிக்கடை வலி மாத்திரையும் ஆகவே ஆகாது, உள்ளே ரத்தக்கசிவு வந்துவிடும். கஞ்சித் தண்ணி, மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் குடிக்கவேண்டும். "ஒண்ணுக்கு ஒளுங்காப் போறாகளான்னு பாருங்க. காய்ச்சல் விட்டுருச்சுன்னு சந்தோசப்படாதீக. மூணாம் நாளு, நாலாம் நாளுல காய்ச்சல் எறங்கும். எறங்குன பொறகுதான் ஆபத்து. வயித்துவலி, நிக்காத வாந்தி, பல்லுல மூக்குல ரத்தம், சும்மா சும்மா கண்ணு சொருகித் தூக்கமா விளுறது, கை கால் சில்லுன்னு போறது, இதுல ஒண்ணு வந்தாலும் வீட்டுல வச்சிருக்கக் கூடாது. நகத்த அமுக்கிப் பாருங்க. வெளுக்கும். விட்டதும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறதுக்குள்ள செவக்கணும். செவக்கலேன்னா வண்டியப் பிடிங்க."

பெண்கள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்கள். ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் அய்யம்மாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் வீட்டு டிரம்மைப் பொன்னுத்தங்கம் கவிழ்த்துவிட்டிருந்தாள். அடுத்த தண்ணீர் வர ஆறு நாள் இருந்த சமயம். உள்ளே புழு நிறைந்து கிடந்ததும், மூன்று தரம் சொல்லியும் கேட்காததும் உண்மை. ஆனால் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆறு நாள் அக்கம்பக்கத்தில் குடம் குடமாக இரந்தவளிடம் போய் நியாயம் பேச முடியுமா? நடுத்தெருவில் நின்று, "நாசமாப் போக! தண்ணியக் கொட்டுன கைக்குத் தண்ணி குடுக்க நாதியில்லாமப் போக!" என்று சாபம் விட்டாள். அன்றிலிருந்து பேச்சில்லை. அந்தச் சாபம் பொன்னுத்தங்கத்துக்கு உள்ளே தைத்திருந்தது. இல்லாததைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். நாதி இல்லை என்பது நிஜந்தானே.

கம்பெனிக்குப் போய்வந்த அடுத்த வாரம் அவளுக்கே காய்ச்சல் வந்தது.

கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் முறிகிற மாதிரி நோவு. சந்தேகமே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிளேட்லெட் கொஞ்சம் குறைந்திருந்தாலும் ரத்தம் இன்னும் கெட்டியாகவில்லை, இரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம், நாளை மறுநாள் திரும்ப வரவேண்டும் என்றார். "கூட யாரும்மா இருக்கா? இந்தக் காய்ச்சல்ல தன்னத்தானே பாத்துக்க முடியாது, உங்களுக்குத் தெரியாததில்ல. ஆள் இல்லன்னா இங்கயே படுங்க."

தன்னோடு வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர் அங்கே நின்றார்கள். அவர்கள் முன்னால், எனக்கு யாரும் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அண்ணன் மக வந்திருக்கா டாக்டர்" என்றாள்.

அண்ணனுக்கு மகளே கிடையாது, இரண்டும் பையன்கள். அறைக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். "மாத்திரை போட்டுக்க தாயி, மிளகா நாத்து நடுறோம், முடிஞ்சதும் வாரேன்" என்றார். சரிண்ணே என்றாள். போன் வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கலக்கி வைத்துக்கொண்டாள். அழுகையில் போகிற தண்ணீரும் தண்ணீர்தான் என்று நினைத்துச் சிரித்தும் கொண்டாள்.

மூன்றாம் நாள் கை, நெஞ்செல்லாம் சிவப்பாகப் பொரிந்தது. பக்கத்து வீட்டு மூக்கம்மாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மணல்வாரி போட்டிருக்கு. ஆத்தால்ல வந்திருக்கா!"

"அம்மை இல்லக்கா. இது டெங்கு."

"ஆத்தாவ அப்படிப் பேசாதீக நர்ஸம்மா. கோவிச்சுக்குவா."

போய் வேப்பங்குலை ஒடித்துவந்து நிலையில் செருகினாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். வேப்பிலை செருகிய வீட்டுக்குள் வெளியாள் கால் வைக்கக்கூடாது. நாலு இடம் போய்வருகிறவர்கள், அதிலும் கம்பெனிக்குப் போகிறவர்கள், அந்தப் பக்கமே வரக்கூடாது. தடுப்பூசிக்குப் பிள்ளைகளைத் தூக்கி வருகிறவர்கள்கூட வேப்பிலையைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். மூக்கம்மாள் காலையில் கூழும் இளநீரும் வாசல்படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். பொன்னுத்தங்கம் சுவரைப் பிடித்து வந்து எடுத்துக்கொள்வாள். அவ்வளவு பெரிய ஊரில், அவளுக்கும் மற்ற மனிதர்களுக்கும் நடுவில் ஒரு கொத்து வேப்பிலை.

அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. தெர்மாமீட்டரைப் பார்த்ததும், இனிமேல்தான் என்று அவள் மனம் சொன்னது. இன்றைக்கு டாக்டரிடம் போகவேண்டிய நாள். பத்து மணி பஸ்ஸுக்குப் போகலாம் என்று படுத்தாள். பஸ் வந்து ஹாரன் அடித்தது காதில் விழுந்தது, யாருக்கோ அடிப்பது போல இருந்தது. வயிற்றில் ஒரு வலி பிடித்தது. குடித்த கரைசலெல்லாம் வாந்தியாகப் போனது. நேற்றிலிருந்து எத்தனை தரம் ஒன்றுக்குப் போனோம் என்று யோசித்தாள், யோசனை பாதியிலேயே நழுவியது. இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு எல்லா அடையாளமும் தெரியும். ஆனால் சொருகி விழுகிறவளுக்குத் தான் சொருகுவது எப்படித் தெரியும்? அதைப் பார்க்கத்தான் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

மூக்கம்மாள் ஜன்னலுக்கு வெளியே நின்று, "காய்ச்ச விட்டுருச்சா? ஆத்தா எறங்கிட்டா. நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திருவோம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அசதியில் தூங்குகிறாள், தூங்கட்டும் என்று போய்விட்டாள். அவள் வராததைப் பார்த்து டாக்டர் சுகாதார நிலையத்திலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார். அறையில் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

விடிந்தால் குழாயில் தண்ணீர். அய்யம்மாளுக்கு அன்றைக்கு லீவு. டிரம்மை நிரப்பினாள், அண்டாவை நிரப்பினாள். வேலை முடிந்து நின்றவளுக்கு என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. தெருமுனையைப் பார்த்தாள். டார்ச் லைட் வரவில்லை. திட்டுவதற்கு ஆள் வராத தண்ணீர் நாளை அவள் பார்த்ததே இல்லை.

"எங்க அந்த மகராசி?" என்று மூக்கம்மாளிடம் கேட்டாள்.

"ஆத்தா வந்திருந்தா. காய்ச்ச விட்டு ஒரு நாளாச்சு. இன்னைக்குத் தண்ணி ஊத்தணும், எந்திரிக்கவே மாட்டேங்கா. நல்ல தூக்கம்."

காய்ச்சல் விட்ட பிறகு தூக்கம். கம்பெனி மரத்தடியில், முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டது அய்யம்மாளுக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவு வந்தது. முதுகுக்குக் காது இல்லையா என்ன? குடத்தை அங்கனயே போட்டுவிட்டு நடந்தாள். வாசலில் வேப்பிலையைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிள்ளைகள் மூன்று பேரின் முகமும் வந்துபோனது. "ஆத்தா, நீயா இருந்தா என்னைய மன்னிச்சிரு. கொசுவா இருந்தா நான் போயித்தான் ஆகணும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பொன்னுத்தங்கத்தின் கை சில்லென்று பிசுபிசுத்தது. அய்யம்மாள் அவள் கட்டைவிரல் நகத்தை அமுக்கினாள். பட்டாசுக்கு இடும் வெள்ளிமருந்து ஏறிக் கறுத்த தன் விரல், நகத்தின் மேல் ஒரு சாம்பல் தடம் வைத்தது. விட்டுவிட்டு எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. நகம் வெளுப்பாகவே இருந்தது.

"ஏலே மொக்கை! வண்டிய நிறுத்துலே!"

கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் அப்போதுதான் ஆட்களோடு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் மொக்கைச்சாமி, சீசன் நேரம், போர்மேன் வைவார் என்று இழுத்தான். "செத்தா உங்க போர்மேனா வந்து தூக்குவாரு? எடுலே விருதுநகருக்கு!" என்றாள். அம்மை வந்த உடம்பு என்று பாதிப் பெண்கள் இறங்கிக்கொண்டார்கள். இறங்கியவர்களால் ஒரு நன்மை, சீட்டில் அவளை நீட்டிப் படுக்கவைக்க இடம் கிடைத்தது. காலைச் சற்று உயர்த்தி அய்யம்மாள் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பெரியாஸ்பத்திரியில் ரோஜா என்கிற ஸ்டாஃப் நர்ஸ் இரத்த அழுத்தம் பார்த்தாள். மேல் அளவு தொண்ணூற்றாறு, கீழ் அளவு எண்பது, இரண்டும் நெருங்கிக் கிடந்தன. குழாயிலிருந்து தண்ணீர் கசிந்தால் எப்படி அழுத்தம் போகுமோ, அப்படி ரத்தநாளத்திலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிவிட்டது என்றாள். டாக்டர் எடைக்குக் கணக்குப் பார்த்து சலைனை வேகமாக ஓடவிட்டார். சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு விசாரித்திருந்தார்கள் போல. ரோஜா அய்யம்மாளைத் திரும்பிப் பார்த்து, "அண்ணன் மக கூட இருக்குன்னு சொன்னாங்க. நீங்கதானா?" என்று கேட்டாள்.

அய்யம்மாளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கட்டிலில் கிடந்தவளுக்கு அதைவிட இரண்டு மூன்று குறைவு. கட்டிலைப் பார்த்தாள். யாரும் இல்லாதவள் யாரோ இருப்பதாகச் சொல்லிக்கொண்ட பொய் அவளுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. தான் தெருவில் விட்ட சாபமும் நினைவுக்கு வந்தது.

"ஆமா தாயி. நான்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஓய்வில்லை. ஒன்றுக்கு வந்தால் குவளையில் அளந்து ரோஜாவிடம் சொல்லவேண்டும். பகலிலும் கொசுவலையை விலக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சில மணி நேரத்தில் கை சூடானதும் ரோஜா வந்து சலைன் ஓட்டத்தைக் குறைத்தாள். அய்யம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தாயி கொறைக்கீக? நல்லா விடுங்க. இன்னொரு பாட்டிலும் சேத்துப் போடுங்க."

"அதிகமானா அதுவும் ஆபத்து அக்கா. கசிஞ்ச தண்ணி ரெண்டு நாள்ல தானாத் திரும்பி ரத்தத்துக்குள்ள வரும். அப்ப நம்ம ஊத்துனதும் சேந்தா நெஞ்சுல ஏறி மூச்சு முட்டும். தேவைக்கு மட்டுந்தான்." நாடி, அழுத்தம், ரத்தத்தின் கெட்டி, அளந்த சிறுநீர் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சலைனைப் படிப்படியாகக் குறைத்தார்கள். மறுநாள் சாயங்காலம் நிறுத்தியே விட்டார்கள். பிளேட்லெட் ஏற்றவேண்டிய அவசியம் வரவில்லை, ரத்தக்கசிவு இல்லை. அதற்கு அடுத்த நாள் பொன்னுத்தங்கத்துக்குப் பசித்தது. உள்ளங்கை அரித்தது. தேறுகிற அடையாளம் என்று அவளே சொன்னாள்.

அண்ணன் வரவில்லை. நாற்று நடவு இன்னும் முடியவில்லையாம்.

கம்பெனி வேனிலேயே திரும்பி வந்தார்கள். கதவு நிலையில் வேப்பிலை காய்ந்து சருகாகத் தொங்கியது. அதை எடுக்க வீட்டு ஆள் வேண்டும் என்று யாரும் தொடவில்லை. அய்யம்மாள் உருவி எடுத்தாள். உள்ளே போனவள் ஜன்னலில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மணிபிளாண்ட் வேருக்கு நடுவே நாலைந்து புழுக்கள் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தன.

"நர்ஸம்மா, மூடி எங்க?" அதே ராகம்.

பொன்னுத்தங்கத்துக்கு முகம் வெளிறிப்போனது. கடித்தது இந்தப் பாட்டில் கொசுவா, கம்பெனி டிரம் கொசுவா, அது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஊரில் ஒரு சட்டி விடாமல் டார்ச் அடித்தவள், இதை மட்டும் தண்ணீராகவே நினைக்கவில்லை. "அது ஒண்ணுதான் எங்கூட இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். இந்த முறை மறைக்கவில்லை.

அய்யம்மாள் பாட்டில் தண்ணீரை வெயில் பட்ட மண்ணில் கொட்டினாள். கொடியை உடைந்த பானையில் மண் போட்டு ஊன்றினாள். பிறகு தன் வீட்டுக்குப் போய் இரண்டு குடத்தோடு வந்தாள். தண்ணீரில் மஞ்சளும் புது வேப்பிலையும் மிதந்தன. அடுத்த தண்ணீர் நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

"உக்காருங்க. தலைக்கு ஊத்தணும்."

"அய்யம்மா, எனக்கு வந்தது அம்மை இல்ல."

"தெரியும். இப்பத்தான நெசமாவே தேறியிருக்கீக. உக்காருங்க."

"பிள்ளைகளுக்குத் தண்ணி? இம்புட்டையும் எதுக்கு வீணாக்குறீக?"

"நீங்க எம்புட்டுக் கொட்டியிருக்கீக! இது நான் கொட்டுறது." குடத்தைத் தூக்கியவள் ஒரு நிமிடம் நிறுத்தினாள். "அதுசரி, உங்க அண்ணனுக்கு என்ன வயசு? எனக்கு இம்புட்டுச் சின்ன வயசுல அப்பனா?"

பொன்னுத்தங்கம் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் தண்ணீர் தலையில் விழுந்தது. வெயிலில் வைத்து வெதுவெதுப்பாக்கியிருந்த தண்ணீர். அம்மா போன பிறகு அவள் தலையில் இன்னொருத்தர் கை பட்டுத் தேய்த்தது அன்றைக்குத்தான். அய்யம்மாள் ஒரு சொட்டு விடாமல் இரண்டாவது குடத்தையும் ஊற்றி முடித்தாள். பிறகு இரண்டு குடத்தையும் வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள்.